திருமணப் புகைப்பட புரோஷரில் பேக்கேஜ், விலை, புக்கிங் நிபந்தனைகளை எழுதும் முறை

கேள்வி: திருமணங்களுக்குப் படம் எடுக்கும் தொழில் செய்கிறேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் போட்டு ஒரு புரோஷர் அடித்தேன். அதைப் படித்துவிட்டும் எல்லாரும் போன் செய்து "இதில் என்னென்ன வரும், கடைசியில் எவ்வளவு ஆகும்" என்றே கேட்கிறார்கள். பேக்கேஜில் அடங்குபவை, விலை, புக்கிங் நிபந்தனைகள் எல்லாவற்றையும் தெளிவாக எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் புரோஷரை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் வரும் பெரும்பாலான புரோஷர்களில் "முழு நாள் கவரேஜ், அளவில்லாப் படங்கள், பிரீமியம் ஆல்பம்" என்ற மூன்று வரிகள் கட்டாயம் இருக்கும். மூன்றுமே எண்ணிப் பார்க்க முடியாதவை. முழு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? அளவில்லா என்றால் எடுப்பதா, கொடுப்பதா? பிரீமியம் என்றால் என்ன தாள்? படிப்பவருக்கு விடை கிடைக்காததால் போனை எடுக்கிறார். அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: வேலை முடிந்து பொருளை ஒப்படைக்கும் நாளில், நீங்களும் அவர்களும் இந்த வரியை வைத்துக்கொண்டு "வந்தது, வரவில்லை" என்று தனித்தனியாக எண்ணினால் ஒரே விடை வருமா? வராது என்றால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

இந்தச் சோதனையில் முதலில் தோற்பது நேரம்தான். "8 மணி நேரம்" என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் காலை 6 முதல் 10 வரை சடங்கு, மாலை 6 முதல் 10 வரை வரவேற்பு என்று ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் கணக்கில் 4ம் 4ம் சேர்ந்து 8 மணி நேரம். உங்கள் கணக்கில் காலை 6க்குக் கேமராவைத் தூக்கியவர் இரவு 10 வரை அந்த வேலையை விட்டு நகர முடியாது, ஆக 16 மணி நேரம். இரண்டு பக்கமும் நியாயம்தான். புரோஷர்தான் ஒன்றைத் தேர்ந்து சொல்லியிருக்க வேண்டும். "நேரம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும், நிகழ்ச்சிகளுக்கு நடுவிலான இடைவெளியும் அதில் சேரும்" என்று எழுதலாம். அல்லது "ஒரே நாளில் இரண்டு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 4 மணி நேரம்" என்று எழுதலாம். என் கருத்தில் இரண்டாவது நல்லது. வீட்டாருக்குப் புரிவதும் எளிது, அவர்கள் நாள் நடக்கும் விதத்தோடு ஒத்தும் போகிறது. ஆனால் பிரித்துக் கொடுப்பதற்கான செலவை அந்த விலைக்குள்ளேயே நீங்கள் ஏற்றியிருக்க வேண்டும்.

நேரம் எங்கே தொடங்குகிறது என்பதும் எழுத்தில் வர வேண்டும். நிகழ்விடத்துக்கு வந்து சேரும் நிமிடமா, முதல் படம் எடுக்கும் நிமிடமா? "ஒப்புக்கொண்ட தொடக்க நேரத்திலிருந்து" என்று எழுதுவதே பாதுகாப்பு. அலங்காரம் முடிய ஒரு மணி நேரம் தாமதமானாலும், குழு அங்கே நின்றுகொண்டுதான் இருக்கும். அந்த மணி நேரமும் கணக்கில் வரும் என்பதை வீட்டார் முன்பே அறிந்திருந்தால் அன்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்தது படங்களின் எண்ணிக்கை. எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே பெரிய வடிகட்டல் இருக்கிறது. கண் மூடியவை, ஒரே காட்சியின் பத்துப் பிரதிகள், ஃபோகஸ் தவறியவை எல்லாம் கழிந்த பிறகு, ஒரு போட்டோகிராபர் ஒரு மணி நேரத்துக்கு 50 முதல் 100 படங்கள் வரை கொடுப்பது தொழிலில் பரவலாகக் காணும் அளவு. நீங்கள் செய்து முடித்த சில திருமணங்களின் ஃபோல்டர்களைத் திறந்து உங்கள் சொந்த அளவைக் கண்டுபிடியுங்கள். அதில் குறைவாக வந்த எண்ணை எடுத்து "குறைந்தது" என்ற சொல்லோடு எழுதுங்கள். அதிகமாகக் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். குறைந்தால் எண்ணிப் பார்ப்பார்கள்.

"எடிட் செய்த படங்கள்" என்ற சொல்லையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வெளிச்சம், நிறம், கட்டம் சரிசெய்வது எல்லாப் படத்துக்கும் நடப்பது. முகப் பரு எடுப்பது, பின்னால் தொங்கும் வயரை அழிப்பது போன்ற ரீடச்சிங் சில படங்களுக்கு மட்டும் நடப்பது. இதை எழுதாமல் விட்டால், 700 படத்திலும் முகத்தைத் துடைத்துத் தரச் சொல்வார்கள். "எல்லாப் படங்களுக்கும் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யப்படும், நீங்கள் தேர்ந்தெடுக்கும் 20 படங்களுக்கு ரீடச்சிங்" என்று ஒரு வரி போதும்.

ஆல்பத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஷீட், பக்கம் என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தட்டையாக விரியும் ஆல்பத்தில் ஒரு ஷீட்டை விரித்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்கள் தெரியும். 25 ஷீட் என்றால் 50 பக்கம். புரோஷரில் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அளவும் அப்படித்தான். 12×36 என்று சொல்வது விரித்த அளவு; மூடினால் அது 12×18 தான். வீட்டார் 36 அங்குல நீளப் புத்தகத்தை மனதில் வைத்துக் காத்திருப்பார்கள். "மூடிய நிலையில் 12×18 அங்குலம்" என்று எழுதினால் அந்த ஏமாற்றம் இல்லை. ஒரு ஷீட்டுக்குச் சராசரியாக 4 படம் என்றால் 25 ஷீட்டில் 100 படம் நெருக்கமில்லாமல் அமரும். இதையும் சொல்லிவிட்டால், ஆல்பத்துக்கு 300 படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப மாட்டார்கள். வடிவமைப்பில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதற்கும் ஓர் எண் கொடுங்கள். இரண்டு முறை என்பது போதுமானது.

வீடியோ இருந்தால் முடிந்த படத்தின் நீளத்தை நிமிடத்தில் எழுதுங்கள். "சினிமாட்டிக்" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. ட்ரோன் என்று போடுவதாக இருந்தால் "நிகழ்விடமும் உள்ளூர் விதிகளும் அனுமதித்தால், வானிலை ஒத்துழைத்தால்" என்பதை அதே வரியில் சேர்த்துவிடுங்கள். பறக்காவிட்டால் எவ்வளவு தொகை கழியும் என்பதும் அங்கேயே வர வேண்டும்.

இத்தனையும் சேர்ந்தால் ஒரு பேக்கேஜின் எழுத்து எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

ஒரு நாள் முழுதும்
10 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.
இரண்டு போட்டோகிராபர்கள்.
நிறமும் வெளிச்சமும் சரிசெய்த குறைந்தது 700 படங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் 20 படங்களுக்கு ரீடச்சிங்.
திருமணம் முடிந்து 45 நாட்களுக்குள் ஆன்லைன் கேலரி. 12 மாதம் வரை தரவிறக்கலாம்.
ஓர் ஆல்பம்: 25 ஷீட் (50 பக்கம்), மூடிய அளவு 12×18 அங்குலம், ஏறக்குறைய 100 படங்கள். வடிவமைப்பை நீங்கள் உறுதிசெய்த நாளிலிருந்து 30 நாட்களில் கைக்கு வரும்.
இதில் சேராதவை: வீடியோ, ட்ரோன், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு.

ஆல்பத்தின் கெடு திருமண நாளிலிருந்து அல்ல, அவர்கள் உறுதிசெய்த நாளிலிருந்து ஓடுவதைக் கவனியுங்கள். படம் தேர்ந்தெடுக்க அவர்கள் நான்கு மாதம் எடுத்துக்கொண்டால் அந்தத் தாமதம் உங்கள் தலையில் விழக்கூடாது. "இதில் சேராதவை" என்ற கடைசி வரியை எடுத்துவிடத் தோன்றும், விற்பனை குறையுமோ என்ற பயத்தில். எடுக்காதீர்கள். போனில் வரும் கேள்விகளில் பெரும்பகுதி அந்த வரிக்கானதுதான்.

மேலே பேக்கேஜின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சில்வர், கோல்டு என்ற பெயர்கள் எது உயர்ந்தது என்று மட்டுமே சொல்லும். தனக்கு எது பொருந்தும் என்று படிப்பவருக்குத் தெரியாது. "சடங்கு மட்டும்", "ஒரு நாள் முழுதும்", "இரண்டு நாள், வீடியோவுடன்" என்று வைத்தால், ஒருவர் தன் திருமணத்தைப் பெயரிலேயே அடையாளம் கண்டுகொள்வார். குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பவருக்கும் கூச்சம் இருக்காது.

சரி, விலைக்கு வருவோம். ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. முதல் பேக்கேஜை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 மணி நேரம், ஒரு போட்டோகிராபர், 300 படங்கள், ஆல்பம் இல்லை. நாம் எழுதிய இரண்டாவது பேக்கேஜ் 180. தனியாக வாங்கக்கூடியவை: கூடுதல் மணி நேரம் 10, இரண்டாவது போட்டோகிராபர் 20, ஆல்பம் 25. இப்போது கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் முதல் பேக்கேஜோடு எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்பார். 100, ஐந்து கூடுதல் மணி நேரத்துக்கு 50, பிறகு 20, 25. மொத்தம் 195. இரண்டாவது பேக்கேஜ் 180. பதினைந்து மிச்சம், ஆகவே அதை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதே புரோஷரில் கூடுதல் மணி நேரத்தை 6 என்று போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். 100, 30, 20, 25 சேர்த்தால் 175. பேக்கேஜாக வாங்கினால் 180, உதிரியாக வாங்கினால் 175! இதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் 5 குறையக் கேட்பதோடு நிற்க மாட்டார், மற்ற எண்களையும் சந்தேகிப்பார். மறுபக்கமும் ஆபத்து உண்டு. உதிரிக் கூட்டல் 260 வந்து பேக்கேஜ் 180 என்றால், உதிரி விலைகள் பொய்யாக ஏற்றியவை என்று தோன்றும். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பேக்கேஜையும் கீழ்ப் பேக்கேஜும் உதிரிகளும் சேர்த்து இப்படிக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சம் வந்தால் நம்பும்படி இருக்கும்.

கூடுதல் மணி நேரத்தின் விலை ஒரு ஆளுக்கா, குழுவுக்கா என்பதையும் அந்த எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பேர் வந்திருக்கும் நாளில் இரவு 10 மணிக்கு இதைப் பேச நேர்ந்தால் யாருக்கும் நன்றாக இருக்காது.

"முதல்" என்று முடியும் விலைகளை, அதாவது "100 முதல்" என்று எழுதுவதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். உண்மையில் எவ்வளவு என்ற கேள்வியை அது மறுபடியும் போனுக்கே தள்ளிவிடுகிறது. விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். முடிந்தவரை வரியைச் சேர்த்தே எழுதுங்கள். பயணத்துக்கு, எத்தனை கிலோமீட்டர் வரை விலைக்குள் அடக்கம், அதைத் தாண்டினால் போக்குவரத்தும் தங்குமிடமும் யார் செலவு என்று இரண்டு வாக்கியம் போதும். அப்புறம், விலைப்பட்டியலை புரோஷரோடு சேர்த்து அடிக்காமல் தனித் தாளாக அடித்து உள்ளே செருகிவிடுங்கள். விலை மாறும்போது அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். அதில் "இந்த விலைகள் இன்ன தேதிக்குள் புக்கிங் செய்பவர்களுக்கு" என்று தேதி கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டு வருடம் முன்பு கொடுத்த தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

புக்கிங் நிபந்தனைகளில் முதல் கேள்வி: தேதி எப்போது உறுதியாகிறது? பேசியதும் உறுதியாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். "கையெழுத்திட்ட ஒப்பந்தமும் முன்பணமும் கிடைத்த பிறகே தேதி உங்களுடையது. அதுவரை அதே தேதியை வேறொருவர் பெற வாய்ப்புண்டு" என்று நேராக எழுதுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது நல்லது. 180 பேக்கேஜில் புக்கிங்கின்போது 30 சதவீதம், அதாவது 54. திருமணத்துக்கு 15 நாள் முன்பு 50 சதவீதம், அதாவது 90. மீதி 36ஐ எப்போது வாங்குவது என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்வரை அந்தப் பணம் வராது. தேர்ந்தெடுக்க ஒரு வருடம்கூட ஆகலாம். "எடிட் செய்த படங்களின் கேலரி தயாரான நாளில்" என்று கடைசித் தவணையைக் கேலரியோடு கட்டுங்கள். ஆல்பத் தேர்வுக்குக் கேலரி கிடைத்ததிலிருந்து 60 நாள் கெடு வையுங்கள். அதைத் தாண்டினால் அன்றைய அச்சு விலையின் வித்தியாசம் சேரும் என்று சொல்லிவிடுங்கள்.

ரத்து பற்றி எழுதும்போது "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடும் பழக்கம் இருக்கிறது. அது கடுமையாகவும் இருக்கிறது, பல சூழ்நிலைகளுக்குப் பதிலும் சொல்வதில்லை. சில நாடுகளின் நுகர்வோர் சட்டம் அப்படி மொத்தமாக வைத்துக்கொள்வதைக் கேள்வி கேட்கவும் செய்யும். உங்களுக்கு உண்மையில் நேரும் இழப்பு நாள் நெருங்க நெருங்கக் கூடுகிறது. நிபந்தனையும் அதே போக்கில் இருக்கட்டும். திருமணத்துக்கு 90 நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்தானால் முன்பணத்தில் பாதி, 27, திரும்பும். 90 முதல் 15 நாள் வரை என்றால் முன்பணம் 54 முழுதும் உங்களிடம் இருக்கும், மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டாம். 15 நாளுக்குள் என்றால் கட்டிய 144ம் திரும்பாது. அதே தேதிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால், அதனால் ஈடான அளவு பணம் திரும்பக் கொடுக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் நிபந்தனை முழுதும் நியாயமாகிவிடும். இந்த உதாரணத்தை எண்களோடு விலைத்தாளிலேயே அச்சிடுங்கள். சதவீதத்தை வாசிப்பவர்களைவிட எண்ணை வாசிப்பவர்கள் அதிகம்.

தள்ளிவைப்பது ரத்து அல்ல. அதைத் தனியாக எழுதுங்கள்: ஒரு முறை, 12 மாதத்துக்குள், புதிய தேதியில் நீங்கள் ஒழிவாக இருந்தால் முன்பணம் அப்படியே நகரும். புதிய தேதியில் நீங்கள் ஒழிவாக இல்லையென்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான். ரத்துக்கான அட்டவணையை அப்போது பொருத்தலாம்.

இதுவரை சொன்னவை அவர்கள் தவறினால் என்ன என்பது. நீங்கள் தவறினால்? உடம்பு சரியில்லாமல் போகலாம், மெமரி கார்டு பழுதாகலாம். இதை எழுதாத புரோஷரைத்தான் மக்கள் நம்பத் தயங்குகிறார்கள். "நாங்கள் வர முடியாத நிலை வந்தால் இணையான அனுபவமுள்ள ஒருவரை அனுப்புவோம், அவருடைய வேலையை முன்கூட்டியே காட்டுவோம், உங்களுக்கு ஏற்பில்லையென்றால் கட்டிய பணம் முழுதும் திரும்பும்." கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் படம் பதிவாகிறது என்றால் அதையும் எழுதுங்கள். உண்மையில் அப்படிச் செய்தால் மட்டும். ஒப்படைத்த பிறகு எத்தனை மாதம் பிரதியை வைத்திருப்பீர்கள் என்பதும் இதே இடத்தில் வரட்டும்.

ரா கோப்புகள் தருவதில்லை என்றால் தருவதில்லை என்று சொல்லுங்கள், காரணத்தை ஒரு வாக்கியத்தில் சேருங்கள்: அவை எடிட் செய்யாத, தனி மென்பொருள் தேவைப்படும் கோப்புகள். படங்களின் உரிமை யாருக்கு என்பது நாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. அதை ஒப்பந்தத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் படங்களை உங்கள் விளம்பரத்தில் போடுவீர்களா என்பது புரோஷரிலேயே தெரிய வேண்டும். "உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இருந்தால் மட்டும்" என்று வைப்பதே சரி. சம்மதிக்காதவருக்கு விலை கூட்டாதீர்கள்.

இந்த நிபந்தனைகளை விலைத்தாளின் பின்பக்கத்தில், பேக்கேஜ் விவரம் எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் அச்சிடுங்கள். ஒப்பந்தத்திலும் இதே வாக்கியங்கள், இதே எண்கள் இருக்க வேண்டும். புரோஷரில் 45 நாள், ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தால் வாடிக்கையாளர் கையில் வைத்திருப்பது புரோஷரைத்தான். அடியில் புக்கிங் செய்யும் வழியை வரிசையாக எழுதுங்கள்: தேதியைக் கேட்டுச் செய்தி அனுப்புங்கள், 24 மணி நேரத்தில் பதில் வரும், ஒப்பந்தம் அனுப்புவோம், கையெழுத்தும் முன்பணமும் வந்த அன்றே ரசீதோடு தேதியை உறுதிசெய்வோம்.